எழுத்து தெரிய வேண்டும்: பிடிஎஃப் ஆவணத்தில் நிறமும் கான்ட்ராஸ்டும்

ஒரு பிடிஎஃப் பக்கத்தில் எழுத்து கண்ணுக்குப் புலப்படுவதற்கு முதல் காரணம், எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதுதான். இந்த விலகலைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறார்கள். நிறம் அதற்குத் துணை செய்யலாம், கெடுக்கவும் செய்யலாம். நல்ல பார்வை உள்ளவர் வெளிர் சாம்பல் எழுத்தையும் சமாளித்துப் படித்துவிடுவார். அதனால் ஆவணத்தைத் தயாரிப்பவருக்குக் குறை தெரிவதில்லை. படிக்க முடியாதவர் சொன்னால்தான் தெரியும்.

கண் மருத்துவமனையில் சுவரில் தொங்கும் அட்டையில் எழுத்துகள் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். அது அளக்கிற திறன் ஒன்று. பெல்லி-ராப்சன் அட்டை என்று இன்னொன்று உண்டு. 1988-இல் வந்த அதில் எல்லா எழுத்தும் ஒரே அளவு, நன்றாகப் பெரியவை. ஆனால் மும்மூன்று எழுத்தாக நிறம் வெளுத்துக்கொண்டே போய்க் கடைசியில் வெள்ளை அட்டையோடு கலந்துவிடும். எந்த எழுத்து வரை ஒருவரால் படிக்க முடிகிறது என்பதைக் கொண்டு, வெளிச்ச வேறுபாட்டை அவர் கண் எவ்வளவு நுட்பமாக உணர்கிறது என்று அறிகிறார்கள். இந்தத் திறன் குறைந்தவருக்கு எழுத்தைப் பெரிதாக்குவதால் மட்டும் பயன் இருக்காது. கண்புரை உள்ளவரின் கண்ணுக்குள் வெளிச்சம் சிதறுகிறது. கருப்பின் மேலும் ஒரு மங்கல் படர்ந்து, கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள தூரம் குறைந்துபோகிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்கள், கண்ணழுத்த நோய் உள்ளவர்கள், முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி தேய்ந்தவர்கள் ஆகியோருக்கும் காரணங்கள் வேறு வேறானாலும் விளைவு இதற்கு நெருங்கியதே. வெளிர் சாம்பலில் அச்சான அடிக்குறிப்பை இவர்கள் நானூறு சதவீதம் பெரிதாக்கினாலும் திரையில் வருவது பெரிய மங்கலான எழுத்துதான்.

இணையப் பக்கங்களுக்கும் ஆவணங்களுக்குமான வழிகாட்டு நெறியான WCAG, இந்த வேறுபாட்டை ஒரு விகிதமாகச் சொல்கிறது. ஒரே நிறத்தின் மேல் அதே நிறம் என்றால் 1:1. வெள்ளையின் மேல் தூய கருப்பு என்றால் 21:1. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும். பெரிய எழுத்துக்கு, அதாவது 18 புள்ளி அல்லது தடித்த 14 புள்ளிக்கு மேல், 3:1 போதும். இன்னும் கடுமையான நிலைக்கு 7:1. இந்த எண்கள் வந்த வழி சுலபமானது. சராசரிப் பார்வை உள்ளவருக்கு 3:1 போதும் என்று பழைய தர நிர்ணயங்கள் சொல்லியிருந்தன. எண்பது வயதை ஒட்டியவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் 6/12 பார்வைக்கு, கான்ட்ராஸ்ட் உணர்வில் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட அதை ஒன்றரை மடங்காக்கினார்கள், 4.5 கிடைத்தது. 6/24 பார்வைக்கு ஈடுகட்டியபோது 7 வந்தது. ஆக, 4.5 என்பது ‘எல்லோருக்கும் வசதி’ என்ற எல்லை இல்லை. அதற்குக் கீழே போனால் பலர் விழுந்துவிடுவார்கள் என்ற எல்லை. முதியவர்கள் படிக்கப்போகிற ஆவணத்துக்கு 7-ஐக் குறிவைப்பதே நல்லது.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு எச்சரிக்கை தேவை. 18 புள்ளி என்ற அளவு ரோமன் எழுத்தை மனதில் வைத்துச் சொன்னது. பல தமிழ் எழுத்துருக்களில் அதே புள்ளி அளவில் எழுத்தின் உடல் சிறிதாகவும் வளைவுகள் மெல்லியதாகவும் இருக்கும். எனவே தமிழ்த் தலைப்புக்கு 3:1 என்ற சலுகையை எடுத்துக்கொள்ளாமல், அதையும் சாதாரண எழுத்தாகவே கருதி 4.5 தருவது பாதுகாப்பு.

விகிதத்தைக் கணக்கிடும் முறை இது:

```
L = 0.2126 R + 0.7152 G + 0.0722 B
விகிதம் = (L1 + 0.05) / (L2 + 0.05)
```

இதில் L1 வெளிச்சமான நிறம், L2 இருண்ட நிறம். திரை எண்களை அப்படியே போடாமல், கண்ணில் படும் உண்மையான ஒளி அளவுக்கு மாற்றிய பிறகே R, G, B என்ற இடங்களில் போட வேண்டும். அந்த வேலையை மென்பொருளே செய்துவிடும், கையால் கணக்கிட வேண்டியதில்லை. ஆனால் மூன்று எண்களையும் ஒருமுறை நின்று பார்ப்பது பலன் தரும். வெளிச்சத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் பச்சையிலிருந்து வருகிறது. நீலத்தின் பங்கு ஏழு சதவீதம்தான். அதனால்தான் வெள்ளைத் தாளில் தூய நீலம் 8.59:1 என்று அழுத்தமாக நிற்க, தூய சிவப்பு 4.0:1-இல் மயிரிழையில் தவறுகிறது, தூய பச்சையோ 1.37:1 என்று ஏறத்தாழக் காணாமலே போகிறது. ‘பளிச்சென்று இருக்கிறது’ என்று தேர்ந்தெடுக்கும் நிறங்கள் வெள்ளைத் தாளில் பெரும்பாலும் தோற்கும். பளிச்சென்ற நிறம் என்பதே வெளிச்சமான நிறம்தானே, வெள்ளையும் வெளிச்சம்தான்.

இனி ஓர் ஆவணத்தை எடுத்துப் பார்க்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஒன்று தன் ஆண்டு வரவு செலவு அறிக்கையை வேர்டில் தயாரித்து, பிடிஎஃப் ஆக்கி, உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தின் உச்சியில் ஆரஞ்சுப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் சங்கத்தின் பெயர். உள்தலைப்புகள் பச்சையில். அடிக்குறிப்புகள் சாம்பலில். பராமரிப்புக் கட்டணம் கட்டியவர்களின் வரிசை இளம்பச்சை, பாக்கி உள்ளவர்களின் வரிசை இளஞ்சிவப்பு. கடைசிப் பக்கத்தில் மின்கட்டணம், தண்ணீர் லாரி, காவலர் சம்பளம் மூன்றுக்கும் மாதவாரியாக மூன்று கோடுகள். பார்வைக்கு அழகான, எல்லா அலுவலகங்களிலும் தயாராகிற வகை ஆவணம்தான்.

ஆரஞ்சுப் பட்டை வேர்டின் நிறத்தட்டில் தயாராக இருக்கும் ஆரஞ்சு. அதன் எண் #FFC000. அதன் மேல் வெள்ளை எழுத்தின் விகிதம் 1.64:1. எழுத்து 24 புள்ளியாக இருந்தாலும் தேவையான 3-இல் பாதியைத்தான் கொஞ்சம் தாண்டுகிறது. பட்டையின் நிறத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. எழுத்தைக் கருப்பாக்கினால் அதே பட்டையில் விகிதம் 12.8:1 ஆகிவிடும். நிறப் பட்டை என்றால் வெள்ளை எழுத்து என்ற பழக்கம் மஞ்சள், ஆரஞ்சு, இளம்பச்சை, வான்நீலம் ஆகியவற்றுக்குப் பொருந்தாது. அவற்றின் மேல் கருப்புதான் படிக்கும்படி நிற்கும்.

உள்தலைப்பின் பச்சையும் அதே நிறத்தட்டிலிருந்து எடுத்ததே: #00B050. வெள்ளையில் அதன் விகிதம் 2.87:1. கண்ணுக்கு நல்ல அழுத்தமான பச்சையாகத் தோன்றும் இது பெரிய எழுத்துக்கான எல்லையைக்கூட எட்டவில்லை. பச்சைதான் வேண்டும் என்றால் #006100 என்ற ஆழ்ந்த பச்சை 7.75:1 தரும். அடிக்குறிப்பின் சாம்பல் #999999, விகிதம் 2.85:1. வெள்ளையில் 4.5-ஐத் தொடும் சாம்பல் #767676. ஆனால் அந்த நிறத்தை எல்லையில் வைத்துத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டவணையில் ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு #F2F2F2 என்ற மெல்லிய சாம்பல் பின்னணி கொடுப்பார்கள். அந்த வரிசைக்குள் போனதும் #767676 எழுத்தின் விகிதம் 4.06-க்கு இறங்கிவிடும். பின்னணி மாறக்கூடிய இடத்தில் எழுத்தின் நிறத்துக்கு இடைவெளி விட்டு வைக்க வேண்டும். #595959 என்றால் வெள்ளையில் 7:1. இளம் பின்னணிக்குள் போனாலும் தாங்கும்.

இந்த மூன்றும் விகிதக் கணக்கில் பிடிபடும் குறைகள். பாக்கி அட்டவணையில் இருப்பது வேறு வகை. எக்செல் மென்பொருள் ‘மோசம்’, ‘நன்று’ என்று குறிக்கத் தரும் இரு நிற அமைப்புகளே அதில் உள்ளன. #FFC7CE என்ற இளஞ்சிவப்பின் மேல் #9C0006 என்ற கருஞ்சிவப்பு எழுத்து, விகிதம் 5.9:1. #C6EFCE என்ற இளம்பச்சையின் மேல் #006100 எழுத்து, 6.1:1. இரண்டும் தேறிவிட்டன. ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு தொகையையும் குறைபார்வை உள்ளவர் படித்துவிடலாம். ஆனால் யார் கட்டினார், யார் கட்டவில்லை என்ற செய்தி எழுத்தில் இல்லை, பின்னணி நிறத்தில் மட்டுமே இருக்கிறது. அந்த இரண்டு பின்னணிகளுக்கும் இடையிலான விகிதம் வெறும் 1.16:1. வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் சிவப்பு, பச்சை என்ற நிறப்பண்பில் இருக்கிறது. சிவப்பு-பச்சை நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு அந்தப் பண்புதான் கிடைக்காது.

வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு இக்குறைபாடு உண்டு. பெண்களில் அரை சதவீதம். மற்ற மக்களிடையே இது சற்றுக் குறைவு. சிவப்பையும் பச்சையையும் உணரும் நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே ஒரு எக்ஸ் கொண்ட ஆண்களிடம் குறை வெளிப்பட்டுவிடுகிறது. இவர்கள் உலகத்தைக் கருப்பு வெள்ளையாகப் பார்ப்பதில்லை. நீலமும் மஞ்சளும் தெளிவாகவே தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகியவைதான் ஒன்றோடொன்று குழம்பும். ஊதா நீலமாகத் தோன்றும். இளஞ்சிவப்பும் நீலப்பச்சையும் சாம்பலோடு கலக்கும். பலருக்கு இது பகுதி அளவில் மட்டுமே இருக்கிறது. அழுத்தமான சிவப்பைக் கண்டுகொள்பவர்கூட இளஞ்சிவப்பில் தடுமாறுவார். வெளிர் நிறங்களில் நிறப்பண்பு குறைவு என்பதே காரணம். மென்மையாக இருக்கட்டும் என்று நிறத்தை வெளிர்க்கச் செய்வது அந்த வித்தியாசத்தை இன்னும் அழிக்கிறது.

அட்டவணைக்கு மருந்து எளிது. ‘நிலை’ என்று ஒரு பத்தி சேர்த்து ‘கட்டியாயிற்று’, ‘பாக்கி’ என்று எழுதிவிட வேண்டும். நிறத்தை எடுக்க வேண்டாம்; அது நல்ல பார்வை உள்ளவருக்கு உதவட்டும். பிடிஎஃப் அணுகல்தன்மைக்கான பன்னாட்டுத் தரமான ISO 14289-உம் நிறத்தை மட்டும் நம்பிப் பொருளைச் சொல்லக் கூடாது என்ற திசையில்தான் நிற்கிறது. எழுதிய சொல்லுக்கு இன்னொரு பலனும் உண்டு: திரைவாசிப்பான் நிறத்தை வாசிக்காது, ‘பாக்கி’ என்பதை வாசிக்கும். கருப்பு வெள்ளை அச்சில் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலும் பொருள் தங்கும்.

கோட்டு வரைபடம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என மூன்று கோடுகள். எந்தக் கோடு எது என்று சொல்ல ஓரத்தில் ஒரு சிறு பெட்டி. நிறம் குழம்புபவர் பெட்டிக்கும் கோட்டுக்கும் எத்தனை முறை கண்ணை ஓட்டினாலும் விடை கிடைக்காது. இதற்கென்றே ஜப்பானிய அறிஞர்கள் மசதகா ஒகாபேயும் கெய் இதோவும் சேர்த்து எட்டு நிறங்கள் கொண்ட ஒரு தொகுப்பை அளித்திருக்கிறார்கள். எந்த வகை நிறப்பார்வைக் குறைபாட்டிலும் அவை தனித்தனியாகத் தெரியும்படி தேர்ந்தவை. அறிவியல் இதழ்களில் பரவலாகப் பயன்படுகின்றன. அதில் நீலம் #0072B2, செந்தூரம் #D55E00, ஆரஞ்சு #E69F00.

இந்தத் தொகுப்பை எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர் பலர். முடிவதில்லை. வரைபடக் கோடு போன்ற எழுத்தல்லாத பொருளுக்கும் பின்னணியிலிருந்து 3:1 வேண்டும் என்று WCAG 2.1 சொல்கிறது. வெள்ளையில் நீலம் 5.2, செந்தூரம் 3.9, இரண்டும் தேறும். ஆரஞ்சு 2.25 மட்டுமே. நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு அது மற்றக் கோடுகளிலிருந்து பிரிந்து தெரியும். கண்புரை உள்ளவருக்குத் தாளிலிருந்தே பிரிந்து தெரியாது. மேலும் நீலமும் செந்தூரமும் தங்களுக்குள் வெளிச்சத்தில் 1.34:1 தூரம்தான் விலகி நிற்கின்றன; கருப்பு வெள்ளை அச்சில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். இந்த இரண்டு தேவைகளும் வெவ்வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னணியிலிருந்து பிரிவது ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிவது இன்னொன்று.

எனவே சங்கத்தின் வரைபடத்தில் மின்கட்டணத்தை நீல முழுக்கோடாகவும், தண்ணீர் லாரியைச் செந்தூர விட்டுவிட்டு வரும் கோடாகவும், காவலர் சம்பளத்தைக் கருப்புப் புள்ளிக்கோடாகவும் போடலாம். கோட்டின் கனம் 2 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஓரப் பெட்டியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்திலேயே அதன் பெயரைக் கருப்பில் எழுதிவிட வேண்டும். பெயரையும் கோட்டின் நிறத்திலேயே எழுதினால் செந்தூரத்தின் 3.9 சிறிய எழுத்துக்குப் போதாது.

விகிதக் கணக்கு பிடிக்காத ஓர் ஆபத்தும் உண்டு. கருப்புப் பட்டையில் தூய சிவப்பு எழுத்து 5.25:1; எண்ணின்படி தேறிவிட்டது. ஆனால் சிவப்பை உணரும் கூம்பணு இல்லாதவர்களுக்குச் சிவப்பு நிறமாகத் தெரியாததோடு வெளிச்சமாகவும் தெரிவதில்லை. சூத்திரத்தில் சிவப்புக்குக் கொடுத்திருக்கும் 0.2126 என்ற பங்கு அவர்கள் கண்ணில் பெருமளவு கிடையாது. கருப்பில் சிவப்பு அவர்களுக்குக் கருப்பில் கரும்பழுப்பு. எச்சரிக்கை வாசகங்களுக்கு இந்தச் சேர்க்கையை விரும்பிப் போடுவதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருப்பின் மேல் வெள்ளை அல்லது மஞ்சள் போடலாம். வெள்ளையின் மேல் சிவப்பு வேண்டுமானால் 6.5:1 தரும் #C00000 போன்ற ஆழ்ந்த சிவப்பைப் போடலாம். முதியவர்களுக்கு நீலத்தில் இதற்கு நிகரான சங்கடம் உண்டு. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளேறி நீல ஒளியைத் தடுப்பதால் கருநீலமும் கருப்பும் ஒன்றாகத் தெரியும். வாக்கியத்தின் நடுவே கருநீலத்தில் வரும் இணைப்பை அடிக்கோடு இல்லாமல் விட்டால் அது இணைப்பு என்றே தெரியாது.

அளக்கும் வேலையை வேர்டில் செய்வதைவிட, தயாரான பிடிஎஃப் கோப்பில் செய்வதே சரி. அச்சகத்துக்காக CMYK முறைக்கு மாற்றும்போது நிறங்கள் நகரும். ஒளி ஊடுருவும்படி வைத்த எழுத்து பின்னணியோடு கலந்து வெளுக்கும். ‘நகல்’ என்று பக்கத்தின் குறுக்கே ஓடும் நீர்க்குறி, தான் கடக்கும் வரிகளின் கான்ட்ராஸ்டைக் குறைக்கும். Colour Contrast Analyser என்ற இலவச மென்பொருளில் சொட்டுக்குழாய் போன்ற ஒரு கருவி உண்டு. அதை எழுத்தின் மேல் ஒருமுறை, பின்னணியின் மேல் ஒருமுறை வைத்தால் விகிதம் வந்துவிடும். அதற்கு முன் பக்கத்தை 400 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்க வேண்டும். எழுத்தின் விளிம்பை மழமழப்பாக்கத் திரை இடைநிறப் புள்ளிகளைச் சேர்க்கிறது. கருவி அந்தப் புள்ளியில் விழுந்தால் விகிதம் தவறாகக் குறைந்து காட்டும். கோட்டின் நடுவில் வைக்க வேண்டும். மெல்லிய எழுத்துருவில் நடு என்று ஒன்று கிடைக்காமல் முழுக்கவே இடைநிறமாக இருந்தால், அந்த எழுத்துரு அந்த அளவில் வாசகருக்கும் வெளுத்தே தெரிகிறது என்று பொருள். அப்போது மாற்ற வேண்டியது நிறத்தை அல்ல, எழுத்துருவின் கனத்தை. புகைப்படத்தின் மேல் எழுத்து இருந்தால், எழுத்தின் நிறத்துக்கு மிக நெருங்கிய பகுதியில் அளக்க வேண்டும். அது தேறாவிட்டால் எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறப் பெட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அக்ரோபாட்டின் அணுகல்தன்மைச் சோதனை இந்த வேலையைச் செய்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. அதன் அறிக்கையில் Color contrast என்ற வரிக்கு நேரே Needs manual check என்று வரும். மனிதர் பார்க்க வேண்டும் என்று மென்பொருளே ஒதுங்கிக்கொள்கிறது. PAC என்ற இலவசச் சோதனைக் கருவியின் புதிய பதிப்புகள் கான்ட்ராஸ்டை அளந்து, குறைந்த இடங்களைக் காட்டுகின்றன. ஆனால் நிறத்தால் மட்டும் சொல்லப்பட்ட பொருளை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. அதற்கு ஒரே ஒரு பக்கத்தைக் கருப்பு வெள்ளையில் அச்செடுத்து, பாக்கி யாருக்கு என்று அதைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா என்று சோதிப்பது நல்லது.

எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் ஒரே நிறச் சேர்க்கை எல்லோருக்கும் ஒத்துவராது. விழித்திரை நோய் உள்ள சிலருக்கு 21:1 வெள்ளைப் பக்கம் கண்ணைக் கூசச் செய்யும். அவர்கள் கரும்பின்னணியில் மஞ்சள் எழுத்தாகப் படிக்க விரும்புவார்கள். அக்ரோபாட் ரீடரில் Edit > Preferences > Accessibility என்ற இடத்தில் Replace Document Colors என்பதைத் தேர்ந்து வாசகர் தனக்கு வேண்டிய நிறங்களை வைத்துக்கொள்ளலாம். இந்த வசதி வேலை செய்ய, எழுத்து எழுத்தாகவே கோப்பில் இருக்க வேண்டும். அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். அதில் நிறம் மாறாது. ஸ்கேன் செய்த தாளின் பழுப்பும் மை வெளிறலும் சேர்ந்து கான்ட்ராஸ்டையும் குறைத்திருக்கும். படமாக ஒட்டிய அட்டவணைக்கும் இதே கதி. எழுத்தின் நிறம் மட்டும் மாறி, வடிவமைப்பாளர் பின்னணிக்காக வரைந்த நிறப் பெட்டி மாறாமல் நின்று, மஞ்சள் எழுத்து இளமஞ்சள் பெட்டிக்குள் மறைந்துபோவதும் உண்டு. ஆகவே சங்கத்தின் அறிக்கையை வேர்டிலிருந்து நேரடியாகப் பிடிஎஃப் ஆக்க வேண்டும். கையெழுத்து தேவையென்றால் கையெழுத்தை மட்டும் படமாகச் சேர்க்கலாம். கோப்பை அனுப்புவதற்கு முன் ரீடரில் நிறங்களைக் கருப்புப் பின்னணிக்கு மாற்றி, பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்த்தால், எந்தப் பட்டையில் எந்த எழுத்து தொலைகிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடங்களில் பின்னணிப் பெட்டியை நீக்கி மேலும் கீழும் ஒரு கோடு மட்டும் விட்டால் போதும்.